டென்டல் கிளினிக் வேலையை விட்டு ஹைஜீனிஸ்ட் கோர்ஸ்: ராஜினாமா கடிதம் எழுதியிருக்கேன், பார்த்துச் சொல்லுங்க

சித்தூர்_கவி

சித்தூர் பக்கம் ஒரு டென்டல் கிளினிக்கில் 2021 ஜூனிலிருந்து அசிஸ்டென்ட் வேலை. டாக்டரோடு சேர்த்து மொத்தம் 5 பேர். சம்பளம் 13,500. அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் ஒரு மாசம் நோட்டீஸ்னு போட்டிருக்கு. டென்டல் ஹைஜீன் டிப்ளமோ சீட் கிடைச்சாச்சு, அலாட்மென்ட் மெமோ கையில் இருக்கு, ஜனவரி 29-க்குள் சேரணும். இன்னிக்கு 7-ந் தேதி. நாளைக்குக் கடிதம் கொடுக்கலாம்னு இருக்கேன். எழுதியது இது:

"மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் தங்கள் கிளினிக்கில் 2021 ஜூன் முதல் பணிபுரிந்து வருகிறேன். இந்த நாலரை வருடத்தில் தங்கள் வழிகாட்டுதலால் ஸ்கேலிங், பாலிஷிங் எல்லாம் தனியாகச் செய்யும் அளவுக்குக் கற்றுக்கொண்டேன். அதையே முறையாகப் படிக்க விரும்பி இரண்டு வருட டென்டல் ஹைஜீன் டிப்ளமோவில் சேர இருக்கிறேன். ஆகவே என்னை உடனடியாக விடுவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படிப்பு முடிந்ததும் கண்டிப்பாகத் தங்களிடமே வந்து வேலை செய்வேன். ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்."

டாக்டர் நல்லவர்தான், சண்டை ஒண்ணும் இல்ல. மரியாதையா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க.

நகரி_நாகராஜ்

சேரும் முன்னாடி காலேஜ் பேர் விஜயவாடா பாராமெடிக்கல் போர்டு லிஸ்டில் இருக்கான்னு பாருங்கம்மா. நம்ம சித்தூர், திருப்பதி பக்கம் போர்டு மட்டும் பெருசா வச்சு ஆறு மாசக் கோர்ஸ் நடத்துறவங்க உண்டு.

சித்தூர்_கவி

அண்ணா, நான் பாலக்காடு சித்தூர். சீட் கேரள அரசோட எல்பிஎஸ் சென்டர் அலாட்மென்ட் வழியா வந்தது.

நகரி_நாகராஜ்

ஓ, அந்தச் சித்தூரா. சரி சரி. ஆனா ஆறு மாசக் கோர்ஸ் பத்திச் சொன்னது எந்தச் சித்தூருக்கும் பொருந்தும்.

பல்லாஸ்பத்திரி_அக்கா

நாகராஜ் சொன்னது சரிதான். ஹைஜீனிஸ்டாக மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதியணும்னா பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிட்டு, அங்கீகாரம் உள்ள இரண்டு வருட டிப்ளமோ முடிக்கணும். எல்பிஎஸ் அலாட்மென்ட் என்பதால் கவிக்கு அந்தக் கவலை இல்லை. கடிதத்துக்கு வருகிறேன்.

மரியாதை இருக்கிறது கண்ணு. ஆனால் இந்தக் கடிதத்தைக் கொடுக்காதே. இரண்டாவது வாக்கியத்தை மறுபடி படித்துப் பார். "ஸ்கேலிங், பாலிஷிங் தனியாகச் செய்யும் அளவுக்கு" என்று நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாய். 1948-ம் வருஷத்துப் பல் மருத்துவர் சட்டம் ஹைஜீனிஸ்ட் என்று யாரைச் சொல்கிறது? பல்லை ஸ்கேல் பண்ணுகிறவர், சுத்தம் செய்கிறவர், பாலிஷ் போடுகிறவர், வாய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கிறவர். அந்த வேலைக்கு மாநிலக் கவுன்சில் பதிவேட்டில் பேர் இருக்கணும். நீ இப்போதுதான் அதற்குப் படிக்கவே போகிறாய். அப்படியென்றால் நாலரை வருஷமாகப் பதிவு இல்லாமல் நோயாளி வாயில் ஸ்கேலர் வைத்திருக்கிறாய், டாக்டர் வைக்கவிட்டிருக்கிறார் என்று இரண்டு பேருக்கும் எதிராக நீயே ஒரு தாள் தயார் செய்து கொடுக்கிறாய். டாக்டர் நல்லவராக இருந்தால், அதைப் படித்ததும் முகம் மாறும். கெட்டவராக இருந்தால், பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார்.

இது பாராட்டு மாதிரி எழுதப்படுவதால்தான் யார் கண்ணுக்கும் தப்பாகத் தெரிவதில்லை.

வேலந்தாவளம்_வேலு

இது கொஞ்சம் ஓவர். டாக்டர் பக்கத்துல இருந்தா அசிஸ்டென்ட் ஸ்கேலிங் பண்ணலாம். மேற்பார்வைன்னு ஒண்ணு இருக்கில்ல. எல்லாக் கிளினிக்லயும் நடக்கறதுதானே.

பல்லாஸ்பத்திரி_அக்கா

வேலு, மேற்பார்வை என்பது பதிவு செய்த ஹைஜீனிஸ்டுக்கே வேண்டும். அவர் தனியாகக் கடை போட முடியாது, பல் மருத்துவரின் கீழேதான் வேலை. அதனால் மேற்பார்வை இருந்தால் பதிவு வேண்டாம் என்று ஆகாது, இரண்டும் வேண்டும். அசிஸ்டென்ட் சக்‌ஷன் பிடிக்கலாம், கன்னத்தை விலக்கிப் பிடிக்கலாம், சிமென்ட் கலக்கித் தரலாம், ஸ்கேலர் டிப்பை மாட்டித் தரலாம். அந்த டிப் பல்லில் படும் வேலைதான் அவளுடையது இல்லை.

வேலந்தாவளம்_வேலு

சட்டம் அப்படி இருக்கலாம். நம்ம ஊர் நடப்பு வேற. நான் என் கருத்தை மாத்திக்கல.

சித்தூர்_கவி

அக்கா, பயமா இருக்கு. அப்ப அந்த வரியை எடுத்துட்டு என்ன எழுதறது? எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்லயும் ஸ்கேலிங் போட்டுத் தரச் சொல்லலாம்னு நினைச்சிருந்தேன், காலேஜ்ல உதவும்னு.

பல்லாஸ்பத்திரி_அக்கா

பயப்பட ஒன்றும் இல்லை, இன்னும் கொடுக்கவில்லையே. சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடந்துவிட்டது, அனுபவச் சான்றிதழுக்கு அங்கே வேலை இல்லை. அது பின்னால் வேலை தேடும்போது உதவும். அதில் நீ செய்த அசிஸ்டென்ட் வேலைகள் மட்டும் வரட்டும்: சேர்சைடு உதவி, கருவிகளைக் கழுவிப் பேக் செய்து ஆட்டோகிளேவ் போடுவது, எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளியைத் தயார் செய்வது, லேப் ரிஜிஸ்டர், ஸ்டாக், அப்பாயின்ட்மென்ட். பொய்யும் வேண்டாம், வம்பும் வேண்டாம். நோட்டீஸ் நாட்களிலும் ஸ்கேலரைக் கையில் எடுக்காதே. டாக்டர் சொன்னால், "இனி படிச்சிட்டு வந்தே பண்றேன் டாக்டர்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடு.

கடிதத்தில் இன்னும் இரண்டு வரி எடுக்கணும். "உடனடியாக" என்பது ஒன்று. ஒரு மாத நோட்டீஸுக்குக் கையெழுத்துப் போட்டவள் உடனடியாக என்று எழுதினால், ஒப்பந்தத்தை மீறுகிறேன் என்று நீயே சொன்ன மாதிரி. எந்தத் தேதி கடைசி நாள் என்று தேதியையே எழுது. இன்னொன்று "கண்டிப்பாகத் தங்களிடமே வருவேன்". இரண்டு வருஷம் கழித்து என்ன சம்பளம், என்ன நேரம் என்று தெரியாமல் வாக்குக் கொடுக்காதே. வாயால் சொல்லலாம், தாளில் வேண்டாம்.

மன்னிப்பு வரியும் தேவையில்லை. என்ன தவறு என்று கேட்க வைக்கும்.

மீனாட்சிபுரம்_மணி

கணக்குப் பக்கம் நான் சொல்றேன். நாளைக்கு, அதாவது ஜனவரி 8-ல கடிதம் கொடுத்தா, நோட்டீஸ் மறுநாள் 9-ந் தேதியிலிருந்து ஓடும். ஜனவரியில 23 நாள், பிப்ரவரியில 7 நாள், ஆக 30 நாள். முழு நோட்டீஸ் பிப்ரவரி 7-ல முடியும். நீங்க 29-க்குள்ள சேரணும். ஒரு நாள் இடைவெளி விட்டு 27-ந் தேதியைக் கடைசி நாளா வச்சா, 9-லிருந்து 27 வரைக்கும் 19 நாள்தான் ஆகுது. 11 நாள் குறையுது. இதை மறைக்காம கடிதத்துலயே சொல்லிடுங்க. சொல்லாம விட்டா, கடைசி நாள்ல டாக்டர் விரல் விட்டு எண்ணும்போதுதான் தகராறு வரும்.

சேத்து வச்ச லீவு எத்தனை இருக்கு?

சித்தூர்_கவி

6 நாள், ரிஜிஸ்டர்ல இருக்கு. டிசம்பர் சம்பளம் வந்துருச்சு.

மீனாட்சிபுரம்_மணி

நல்லது. மாசம் 13,500-ஐ 30 ஆல வகுத்தா நாளுக்கு 450. குறையற 11 நாளுக்கு 4,950 நீங்க தரணும். 6 நாள் லீவுக்கு 2,700 அவர் தரணும். கழிச்சா உங்க பக்கம் 2,250. ஜனவரி 27 நாள் சம்பளம் 12,150. அதுல 2,250 போக 9,900 கைக்கு வரணும். லீவை நோட்டீஸ்ல கழிச்சாலும், காசா வாங்கிட்டு நோட்டீஸுக்குக் காசு கொடுத்தாலும் இதே 9,900 தான். ஆனா லீவைக் கழிக்க டாக்டர் ஒத்துக்கணும். அதனால கடிதத்துல உத்தரவு மாதிரி இல்லாம வேண்டுகோளா எழுதுங்க.

மாணவியாப் போறீங்க, 11 நாளையும் விட்டுத் தர்றேன்னு அவரே சொன்னாலும் சொல்வார். அப்படிச் சொன்னா கடிதத்தின் நகல்லயே "குறைவான நோட்டீஸ் ஏற்கப்பட்டது"ன்னு எழுதி வாங்கிடுங்க.

வேலந்தாவளம்_வேலு

ஒரு மாச நோட்டீஸ் கடைகள் சட்டத்துலயே இருக்கு, ரெண்டு பக்கத்துக்கும். அதோட நாலரை வருஷம் ஆச்சுன்னா கிராஜுவிட்டி கேளு தங்கச்சி. நாலு வருஷம் 240 நாள் தாண்டினா அஞ்சு வருஷம்தான்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டே சொல்லிருக்கு.

மீனாட்சிபுரம்_மணி

பாதி சரி வேலு. கேரளாவின் 1960 கடைகள் சட்டத்துல இருக்கற ஒரு மாச நோட்டீஸ், ஆறு மாசத்துக்கு மேல வேலை பார்த்த ஆளை முதலாளி நீக்கறதுக்கு. தொழிலாளி விலகறதுக்கு அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல என்ன இருக்கோ அதுதான். 240 நாள் தீர்ப்பு உண்மைதான், ஆனா அதுவரைக்கும் போக வேண்டியதே இல்ல. கிராஜுவிட்டி வர்றதுக்கு 10 பேராவது வேலை செய்யற இடமா இருக்கணும். இங்க டாக்டரையும் சேர்த்தே 5. டாக்டரா விருப்பப்பட்டுக் கொடுத்தா வாங்கிக்கலாம், கேட்டு எழுத வேண்டாம்.

கேட்டு எழுத வேண்டியது கடைசிச் சம்பளம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புல, ராஜினாமா பண்ணினாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கியைக் கொடுக்கணும்னு இருக்கு. சட்டத்தைக் கடிதத்துல இழுக்காதீங்க, "29-ந் தேதிக்குள்"னு தேதி மட்டும் போடுங்க.

ரூட்கனால்_ராஜன்

மணி, 30 ஆல வகுக்கறீங்க. எங்க பக்கம் கிளினிக்கெல்லாம் ஞாயிறு போக 26 ஆலதான் வகுக்கறாங்க. 13,500-ஐ 26 ஆல வகுத்தா நாளுக்கு 519 சொச்சம் வரும். அப்ப லீவு போக மீதி 5 நாளுக்கு 2,596 ஆயிடும்.

மீனாட்சிபுரம்_மணி

26 ஆல வகுத்தா, நோட்டீஸ் நாளையும் ஞாயிறு கழிச்சுத்தான் எண்ணணும். காலண்டர் நாளா 30 எண்ணிட்டு, பிடிக்கும்போது மட்டும் 26-ன்னா அது ரெண்டு தராசு.

ரூட்கனால்_ராஜன்

லீவு நாளை எப்படி எண்ணுவீங்க? அது வேலை நாள்தானே. லீவுக்கு 26, நோட்டீஸுக்கு 30-ன்னு எங்க கணக்குப்பிள்ளை போடறார்.

மீனாட்சிபுரம்_மணி

அப்படிப் போட்டா கவிக்குத்தான் லாபம், டாக்டர் ஒத்துக்கிட்டா எனக்கென்ன! கவி, ரிஜிஸ்டர்ல இதுவரைக்கும் லீவு எடுத்த மாசத்துல எதால வகுத்துப் பிடிச்சிருக்காங்கன்னு பாருங்க. அதையே எல்லாத்துக்கும் வைக்கச் சொல்லுங்க.

கோபாலபுரம்_ஜெயா

இடையில கேக்கறதுக்கு மன்னிக்கணும். நான் பொள்ளாச்சி சைடு கிளினிக். வேலைக்குச் சேரும்போதே பிளஸ் டூ ஒரிஜினலை வாங்கி வச்சுட்டாங்க. விலகறேன்னு சொன்னா ஆள் கிடைச்சாத்தான் தருவேங்கறாங்க. கவிக்கு மாதிரியே நானும் கடிதம் எழுதிக் கொடுத்தா தந்துடுவாங்களா?

பல்லாஸ்பத்திரி_அக்கா

ஜெயா, உன் விஷயம் வேற. கவியிடம் சீட் இருக்கிறது, சான்றிதழும் கையில் இருக்கிறது. உனக்கு முதல் கடிதம் ராஜினாமாவாக இருக்கக்கூடாது. "இன்ன பதிவெண் உள்ள என் மதிப்பெண் பட்டியல் தங்கள் வசம் உள்ளது, சேர்க்கைக்குத் தேவைப்படுகிறது, திருப்பித் தரவும்" என்று அது ஒன்றுக்கு மட்டும் தனிக் கடிதம் கொடு. அவர்களிடம் இருப்பதற்கு அது சாட்சி ஆகும். ஆள் கிடைக்கும் வரை என்று சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. கையில் வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள். அதற்கும் அசையவில்லையென்றால் ரசீதோடு போலீஸ் ஸ்டேஷனில் மனு. சான்றிதழ் கைக்கு வந்தபிறகு ராஜினாமா. வரிசையை மாற்றிவிடாதே.

கவி, இதோ திருத்தியது. ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது.

"அனுப்புநர், பெறுநர், தேதி: ஜனவரி 8.

பொருள்: டென்டல் அசிஸ்டென்ட் பணியிலிருந்து விலகல்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

2021 ஜூன் முதல் தங்கள் கிளினிக்கில் டென்டல் அசிஸ்டென்டாகப் பணிபுரிந்து வருகிறேன். எனக்கு இரண்டு ஆண்டு டென்டல் ஹைஜீன் டிப்ளமோவில் இடம் ஒதுக்கப்பட்டு, ஜனவரி 29-க்குள் சேர வேண்டியுள்ளதால் பணியிலிருந்து விலகுகிறேன். ஒதுக்கீட்டு மெமோவின் நகலை இணைத்துள்ளேன்.

ஜனவரி 27 எனது கடைசிப் பணி நாள். ஒரு மாத நோட்டீஸில் 11 நாட்கள் குறைகின்றன. என் கணக்கில் உள்ள 6 நாள் விடுப்பை இதில் ஈடுசெய்து, மீதி நாட்களைத் தாங்கள் விட்டுக்கொடுக்கவோ சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவோ வேண்டுகிறேன்.

நடப்பில் உள்ள லேப் வேலைகள், பாதியில் உள்ள சிகிச்சைகள், ஸ்டாக், சாவிகள் ஆகியவற்றின் பட்டியலை ஜனவரி 20-க்குள் ஒப்படைக்கிறேன். புதிதாக வருபவருக்கு ஆட்டோகிளேவ் வேலையைப் பழக்கித் தருகிறேன்.

பணி விடுவிப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், சம்பள பாக்கி ஆகியவற்றை ஜனவரி 29-க்குள் தந்து உதவும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனை ஆண்டுகள் தந்த ஆதரவுக்கு நன்றி.

தங்கள் உண்மையுள்ள,"

ரூட்கனால்_ராஜன்

டாக்டர் பக்கத்திலிருந்து பார்த்தா, இந்தக் கடிதத்துல எனக்கு முக்கியமா படறது அந்த ஒப்படைப்பு வரிதான். மத்ததெல்லாம் ஃபைலுக்குப் போயிடும். அசிஸ்டென்ட் போன மறுவாரம் கிளினிக் எங்க தடுமாறும்னா, பாதியில நிக்கற நோயாளிகள்கிட்ட.

36-ம் பல்லுக்கு வேர் சிகிச்சை ஆரம்பிச்சு, உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு வச்சு, மேலே தற்காலிக அடைப்பு போட்டு அனுப்பிச்சிருப்போம். வலி நின்னுடும், அவர் வரமாட்டார். அந்த அடைப்பு ரெண்டு மூணு வாரத்துக்கு மேல நம்பிக்கை இல்ல. தேஞ்சு எச்சில் உள்ளே இறங்கினா சுத்தம் பண்ணின கால்வாய் மறுபடி கெட்டுப்போகும். இந்த ஆளை யார் போன் பண்ணிக் கூப்பிடறது? கவி மாதிரி ஒருத்தர் நோட்டுல குறிச்சு வச்சுக் கூப்பிடறாங்க. நோட்டு அவங்க தலைக்குள்ளேயே இருந்தா, அவங்க போனதும் அந்தப் பல்லும் போச்சு.

அதனால பட்டியல்ல ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரி வேணும். ஃபைல் எண், பல் எண், எந்தக் கட்டத்துல நிக்குது, கடைசியா வந்த தேதி, அடுத்து வர வேண்டிய தேதி, கொடுத்த அட்வான்ஸ். கிரவுனா இருந்தா லேபுக்குப் போன தேதி, ஷேடு, எதிர்த்தாடை அச்சும் பைட்டும் கூடவே போச்சான்னு. ஷேடு எழுதாம விட்டா லேப் போன் பண்ணும்போது புது ஆள் ஏதோ ஒண்ணைச் சொல்லி, கிரவுன் பக்கத்துப் பல்லோட ஒட்டாம வந்து நிக்கும். தற்காலிகக் கிரவுன் கழண்டு ரொம்ப நாள் ஆனா பக்கத்துப் பல் சாய்ஞ்சு, லேப்ல இருந்து வந்த கிரவுன் உக்காராது. பல் செட்டா இருந்தா, கடி எடுத்தாச்சா, மெழுகு டிரையல் முடிஞ்சுதாங்கறது தெரியணும்.

சித்தூர்_கவி

நோட்டு இருக்கு டாக்டர், ஆனா பாதி என் போன்லதான். நோயாளிகள் எல்லாரும் என் வாட்ஸ்அப்புக்குத்தான் அப்பாயின்ட்மென்ட் கேப்பாங்க. எக்ஸ்ரே போட்டோவும் அதுலதான் லேபுக்கு அனுப்பினது.

ரூட்கனால்_ராஜன்

அதை இந்த வாரமே சரி பண்ணுங்க. கிளினிக் பேர்ல ஒரு சிம் வாங்கச் சொல்லி, நீங்க இருக்கும்போதே அந்த நம்பர்லருந்து எல்லாருக்கும் "இனி இந்த எண்"ணு செய்தி போகட்டும். 27-க்கு அப்புறம் அனுப்பினா பாதிப் பேர் நம்ப மாட்டாங்க. படங்களை கிளினிக் கம்ப்யூட்டருக்கு மாத்தி, ஃபைல் எண்ணோட பேர் வச்சு, டாக்டர் திறந்து பார்த்தப்புறம் உங்க போன்ல அழிச்சுடுங்க. முன்னாடியே அழிச்சுடாதீங்க. அழிச்சேன்னு பட்டியல் கடைசியில ஒரு வரி எழுதுங்க.

வேலந்தாவளம்_வேலு

இவ்வளவும் கடிதத்தோட சேர்த்தே கொடுத்துட்டா, டாக்டர் "சரி, நாளையிலிருந்து வர வேண்டாம்"னு சொல்லிட்டா? 19 நாள் சம்பளம் போச்சே. விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்தப்புறம் பட்டியலைக் கொடு தங்கச்சி.

பல்லாஸ்பத்திரி_அக்கா

வேலு இந்த முறை யோசிக்க வேண்டிய விஷயம்தான் சொல்கிறார். அதனால்தான் 20-ந் தேதி என்று போட்டேன், கடிதத்தோடு சேர்த்து அல்ல. ஆனால் விடுவிப்புக் கடிதத்துக்குப் பணயமாகப் பட்டியலை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது நோயாளியின் தகவல், பேரம் பேசும் பொருள் இல்லை.

வேலந்தாவளம்_வேலு

சான்றிதழைப் பணயமா வைக்கறவங்களும் இருக்காங்களே அக்கா, மேல ஜெயா கேட்டதைப் பாருங்க.

பல்லாஸ்பத்திரி_அக்கா

அவர்கள் செய்வதால் நாமும் செய்யலாமா என்பதில் உனக்கும் எனக்கும் ஒத்துவராது, விடு.

கவி, ஆட்டோகிளேவ் எது? முன்பக்கம் திறக்கும் மெஷினா, மேலே மூடி போட்ட டிரம்மா?

சித்தூர்_கவி

மேலே மூடிதான், 15 பவுண்டு. புதுசா வர்ற பொண்ணு 19-ந் தேதி சேர்றா. பழக்கித் தர்றேன்னு எழுதியாச்சு, எத்தனை நாள் காட்டணும்?

பல்லாஸ்பத்திரி_அக்கா

நாள் கணக்கு வேண்டாம், மூன்று லோடு முழுதாக அவள் கையால் போடட்டும், நீ பார்த்துக்கொண்டு நில். டிரம் மாடலில் புது ஆள் தப்புவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மூடியதும் காற்று வெளியேறும் வால்வை உடனே அடைத்துவிடுவார்கள். உள்ளே காற்று மாட்டிக்கொண்டால் முள் 15 பவுண்டு காட்டும், ஆனால் வெப்பம் 121 டிகிரியைத் தொட்டிருக்காது. நீராவி விட்டுவிட்டு வராமல் ஒரே சீராகச் சீறி வரும்வரை வால்வு திறந்தே இருக்கணும், அப்புறம்தான் அடைக்கணும். நேரத்தையும் சுவிட்ச் போட்டதிலிருந்து எண்ணக்கூடாது, 121 தொட்டதிலிருந்து எண்ணணும். பவுச்சில் போட்ட கருவிகளுக்கு 30 நிமிஷம். இடையில் கரன்ட் போனால் மீதி நிமிஷத்தைக் கூட்டிப் போடக்கூடாது, முதலிலிருந்து மறுபடி.

பவுச்சின் வெளிக்கோடு நிறம் மாறிவிட்டது, ஆகவே சுத்தம் என்று நினைப்பாள். அந்தக் கோடு சூடு பட்டது என்பதை மட்டும்தான் சொல்லும். லோடின் நடுவில், ஒரு பவுச்சுக்குள் இண்டிகேட்டர் ஸ்ட்ரிப் வைத்து அதைப் பார்க்கச் சொல்லு. எடுக்கும்போது பவுச் ஈரமாக இருந்தால் திணித்து அடுக்கியிருக்கிறாள் என்று அர்த்தம். ஈரத்தாள் வழியாகக் கிருமி உள்ளே போகும், அந்த பவுச்சை அலமாரியில் வைக்கவே கூடாது, மறுபடி பேக் செய்துதான் போடணும். ஹேண்ட்பீஸுக்கு எண்ணெய் விட்டு, ஓட்டி, மிச்ச எண்ணெயைத் துடைத்தபிறகு பவுச். இதை மறந்தால் பேரிங் போய்விடும், அந்தச் செலவு வரும்போது உன் பேர்தான் அடிபடும்.

கழிவுப் பைகளும் காட்டிவிடு. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளில், சக்‌ஷன் குழாய் மாதிரி பிளாஸ்டிக் சிவப்பில், ஊசி வெள்ளை டப்பாவில், கண்ணாடி மருந்துக்குப்பி நீலத்தில். கழிவை எடுத்துப்போகும் பாலக்காடு இமேஜ் வண்டி வரும் நேரமும், பார்கோடு ஸ்டிக்கர் எந்த டிராயரில் என்பதும் பட்டியலில் இருக்கட்டும். 48 மணி நேரத்துக்கு மேல் மஞ்சள் பை கிளினிக்கில் இருக்கக்கூடாது என்று டாக்டருக்குத் தெரியும், புதுப்பெண்ணுக்குத் தெரியாது.

சித்தூர்_கவி

இன்னொண்ணு. காலேஜ் முடிஞ்சு சாயங்காலம் 5-லிருந்து 8 வரைக்கும் வரமுடியுமான்னு டாக்டர் கேப்பார்னு நினைக்கறேன். அதையும் கடிதத்துல எழுதவா?

மீனாட்சிபுரம்_மணி

எழுதாதீங்க. விலகலும் தொடர்ச்சியும் ஒரே தாள்ல வந்தா கணக்கு முடிக்கறது தள்ளிப்போகும். "நீதான் சாயங்காலம் வர்றியே, அப்புறம் பார்த்துக்கலாம்"னு 9,900 நின்னுடும். 27-ல கணக்கை முடிச்சு, அப்புறம் வேணும்னா சாயங்காலத்துக்குத் தனியா, மணிக்கணக்குச் சம்பளத்துல புது லெட்டர்.

ரூட்கனால்_ராஜன்

முதல் ஆறு மாசமாவது வேண்டாம்னு சொல்வேன். காலேஜ்ல வருகைப்பதிவு கண்டிப்பா பார்ப்பாங்க, கிளினிக் 8 மணிக்கு மூடினா சுத்தம் பண்ணி வீடு போக 9 ஆகும்.

பல்லாஸ்பத்திரி_அக்கா

பணத்தேவை இருந்தால் போகட்டும் ராஜன், அது அவள் முடிவு. போனாலும் அசிஸ்டென்டாகத்தான். டிப்ளமோவில் படிக்கிறாள் என்பதால் ஸ்கேலரைக் கொடுத்துவிடுவார்கள், அங்கேதான் கவனம் வேண்டும். படிப்பு முடிந்து கவுன்சிலில் பேர் ஏறும்வரை பழைய விதியேதான்.

சித்தூர்_கவி

சரி அக்கா. ரெண்டு பிரதி எடுத்துட்டேன். நாளைக்குக் கடைசி நோயாளி போனப்புறம் கொடுக்கறேன். ரிஜிஸ்டரும் பார்த்தேன் மணி அண்ணா, ஒரு மாசம் 30 ஆல வகுத்திருக்காங்க, ஒரு மாசம் 26 ஆல. என்ன பண்றது?

மீனாட்சிபுரம்_மணி

அந்த ரெண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, எது வேணும்னு டாக்டரையே கேளுங்க. உங்க பிரதியில தேதி, கையெழுத்து, கிளினிக் சீல் மூணும் வாங்குங்க. தேதியை அவர் கையால எழுதணும், நோட்டீஸ் அங்கிருந்துதான் எண்ணப்படும்.